கோவாவில் நடந்த ‘சொந்த மைதான’ ஆட்டங்கள்

வணக்கம் சார். ஐ.எஸ்.எல். கால்பந்து முடிவுகளை 2017-18 முதல் 2021-22 வரை ஒரு ஷீட்டில் சேர்த்து, யார் ஜெயிப்பார்கள் என்று கணிக்கும் சின்ன மாடல் ஒன்று செய்திருக்கிறேன். சொந்த மைதானத்தால் கிடைக்கும் சாதகத்தைக் கணக்கிட்டால் மிகவும் குறைவாக வருகிறது. இந்தியாவில் அது அவ்வளவுதானா? பொது மைதானத்தில் நடக்கும் ஃபைனலுக்கும், ஆளில்லாத கேலரி முன் நடக்கும் ஆட்டத்துக்கும் கணிப்பை எப்படி மாற்றுவது? அணிக்கு அணி தனித்தனி சாதகம் வைக்கலாமா?
— ஒரு சென்னையின் ரசிகன், மதுரை

அன்புள்ள நண்பருக்கு,

மாடலைத் தொடுவதற்கு முன்னால் உங்கள் ஷீட்டில் ‘ஹோம்’ என்று இருக்கும் பத்தியைப் பாருங்கள். 2020-21, 2021-22 ஆகிய இரண்டு சீசன்களும் கொரோனாவால் முழுக்க முழுக்க கோவாவிலேயே நடந்தன. ஃபட்டோர்டா, பம்போலிம், வாஸ்கோ என்று மூன்றே மைதானங்கள், லீக் ஆட்டங்களில் கேலரியில் ரசிகர்கள் கிடையாது, எல்லா அணிகளும் அங்கேயே தங்கியிருந்தார்கள். ஆனாலும் அட்டவணை என்று ஒன்று போட வேண்டுமே, அதனால் ஒவ்வொரு ஆட்டத்திலும் ஓர் அணி ‘ஹோம்’, இன்னொன்று ‘அவே’ என்று எழுதப்பட்டது. சென்னையின் எஃப்.சி. பம்போலிமில் ‘ஹோம்’ என்றால் அதற்குப் பெயரளவுக்கு மேல் அர்த்தம் எதுவும் இல்லை.

இது உங்கள் கணக்கை எவ்வளவு கெடுக்கும் என்று பாருங்கள். 2017-18 முதல் 2019-20 வரை பத்து அணிகள், சீசனுக்கு 90 லீக் ஆட்டம், மொத்தம் 270. கோவா சீசன்களில் பதினொரு அணிகள், சீசனுக்கு 110, மொத்தம் 220. ஆக உங்களிடம் உள்ள 490 ஆட்டங்களில் 220, அதாவது 45 சதவீதம், சொந்த மைதானமே இல்லாத ஆட்டங்கள். உண்மையான சாதகம் ஆட்டத்துக்கு 0.30 கோல் என்று வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் ஷீட் அதை 0.17 சொச்சம் என்று காட்டும். எனவே உங்கள் சிறிய எண்ணை வைத்து இந்தியாவைப் பற்றி எந்த முடிவுக்கும் வராதீர்கள். அந்த 220 ஆட்டங்களை அணிகளின் பலத்தைக் கணக்கிட வைத்துக்கொள்ளுங்கள், தூக்கி எறிய வேண்டாம், சாதகத்தைக் கணக்கிடும் இடத்தில் மட்டும் அவற்றைப் பொது மைதானம் என்று குறித்துவிடுங்கள். கோவா அணி மட்டும் கொஞ்சம் சிக்கல், அது உண்மையிலேயே சொந்த ஊரில்தான் இருந்தது. அதன் ஆட்டங்களைத் தனியாகக் குறித்து வைத்து, சாதகக் கணக்கிலிருந்து விலக்கிவிடுவதுதான் நல்லது.

அப்புறம் சாதகத்தைக் கணக்கிடுவது எளிது. லீக்கில் எல்லோரும் எல்லோருடனும் உள்ளூரில் ஒருமுறை, வெளியூரில் ஒருமுறை ஆடுவதால் அணிகளின் பலம் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். சொந்த மைதான அணிகள் போட்ட மொத்த கோலிலிருந்து வெளியூர் அணிகள் போட்டதைக் கழித்து, ஆட்ட எண்ணிக்கையால் வகுத்தால் போதும். இங்கிலாந்தின் பிரீமியர் லீக்கில் 2018-19இல் 380 ஆட்டங்களில் உள்ளூர் அணிகள் 596 கோல், வெளியூர் அணிகள் 476. ஆட்டத்துக்கு 1.57க்கு 1.25, வித்தியாசம் 0.32. பிளே-ஆஃப் ஆட்டங்களை இதில் சேர்க்க வேண்டாம்.

அணிக்கு அணி தனிச் சாதகம் வைக்கலாமா என்றால், என் பதில் கிட்டத்தட்ட வேண்டாம் என்பதுதான். கால்பந்தில் ஒரு ஆட்டத்தின் கோல் வித்தியாசம் சராசரியிலிருந்து விலகும் அளவு, அதாவது திட்ட விலக்கம், ஏறத்தாழ 1.7. பத்து அணி லீக்கில் ஒரு அணிக்கு ஒரு சீசனில் 9 உள்ளூர், 9 வெளியூர் ஆட்டங்கள். இரண்டின் சராசரி வித்தியாசத்தையும் ஒப்பிட்டால், அந்த ஒப்பீட்டில் அதிர்ஷ்டத்தால் மட்டும் வரும் திட்டப் பிழை 0.8 கோல். நாம் தேடும் சாதகமே 0.3 அளவுதான். மூன்று சீசன்களைச் சேர்த்தாலும் பிழை 0.46க்குத்தான் இறங்கும். கொச்சி கேலரி மஞ்சளாகப் பொங்குவதைப் பார்த்துவிட்டு கேரளாவுக்குத் தனி எண் வைக்காமல் இருப்பது மனதுக்குக் கஷ்டம்தான், எனக்குப் புரிகிறது. வைத்தே தீர வேண்டும் என்றால் அணியின் எண்ணை லீக் சராசரியை நோக்கி வலுவாக இழுத்து விடுங்கள்: மூன்று சீசன் தரவுக்கு, அணியின் சொந்த எண்ணுக்கு பத்தில் ஒரு பங்கு எடை கொடுப்பதே தாராளம். லீக் முழுக்கச் சேர்ந்த எண்ணில் கூட 270 ஆட்டத்துக்கு 0.10 பிழை இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம்.

இப்போது பொது மைதானம். இங்கேதான் பெரும்பாலான மாடல்கள் சறுக்குகின்றன, உங்களுடையதும் சறுக்க வாய்ப்புண்டு. வழக்கமான மாடலில் உள்ளூர் அணியின் எதிர்பார்ப்பு கோலில் ஒரு சாதகப் பெருக்கல் இருக்கும், வெளியூர் அணிக்கு எதுவும் இருக்காது. பொது மைதானம் என்றதும் அந்தப் பெருக்கலை 1 ஆக்கிவிட்டு, சரி முடிந்தது என்று நினைக்கிறோம். ஆனால் அப்படிச் செய்தால் இரண்டு அணிகளையும் வெளியூரில் ஆடும் அணிகளாக்கிவிட்டீர்கள். வெளியூர் அணியின் 1.25 என்பது சாதகம் இல்லாதவனின் எண் அல்ல, எதிரியின் சாதகத்தால் அமுக்கப்பட்ட எண். சாதகத்தில் ஒரு பாதி உள்ளூர் அணியை மேலே தூக்குகிறது, மறு பாதி எதிரணியைக் கீழே தள்ளுகிறது. இரண்டையும் திருப்ப வேண்டும்.

ஒரு கணக்கு போடுவோம். சாதக விகிதம் 1.57 ÷ 1.25, சுமார் 1.26. அதன் வர்க்கமூலம் 1.12. உங்கள் மாடல் சொந்த மைதானத்தில் ஒரு அணிக்கு 1.8 கோல், எதிரணிக்கு 1.1 கோல் என்கிறது. பொது மைதானத்துக்கு முதல் எண்ணை 1.12ஆல் வகுங்கள், 1.61 வரும். இரண்டாவதை 1.12ஆல் பெருக்குங்கள், 1.23. மொத்த கோல் 2.9இலிருந்து 2.84 ஆகிறது, பெரிதாக மாறவில்லை. சோம்பேறி வழியில் போனால் 1.43க்கு 1.1, மொத்தம் 2.53. ஆட்டத்திலிருந்தே கோல் காணாமல் போய்விட்டது, டிரா வாய்ப்பு பொய்யாக ஏறிவிடும். எத்தனை கோல் விழும் என்பதன் வாய்ப்பைச் சொல்லும் பாய்சான் பரவலில் போட்டுப் பார்த்தால் சொந்த மைதானத்தில் வெற்றி, டிரா, தோல்வி 54, 23, 23 சதவீதம். சரியாகத் திருத்திய பொது மைதானத்தில் 46, 25, 29.

இதைச் சோதிக்க ஒரு சீசனே இருக்கிறது. பிரீமியர் லீக் 2020-21 பெரும்பாலும் காலி கேலரி முன் நடந்தது, நடுவிலும் கடைசியிலும் சில ஆட்டங்களுக்கு மட்டும் கொஞ்சம் பேரை விட்டார்கள். உள்ளூர் அணிகள் 514 கோல், வெளியூர் அணிகள் 510. வெற்றிகளைப் பார்த்தால் உள்ளூர் 144, வெளியூர் 153, வெளியூர் வெற்றி அதிகமான முதல் சீசன் அது. கோல் சராசரி 1.35க்கு 1.34. உள்ளூர் எண் இறங்கியது மட்டுமல்ல, வெளியூர் எண் 1.25இலிருந்து ஏறியிருக்கிறது பாருங்கள். சாதகம் இரு பக்கமும் வேலை செய்கிறது என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சி கிடைக்காது.

அதற்காக ‘கூட்டம் இல்லையென்றால் சாதகம் பூஜ்யம்’ என்று எழுதிவிடாதீர்கள். 380 ஆட்டத்தில் அந்த 0.01 என்ற வித்தியாசத்துக்கு இரு பக்கமும் சுமார் 0.17, அதாவது திட்டப் பிழையைப் போல இரண்டு மடங்கு, பிழை இடைவெளி உண்டு, எனவே உண்மையான எண் 0.15 ஆக இருந்திருக்கவும் நன்றாகவே இடமிருக்கிறது. பல நாட்டு லீக்குகளைச் சேர்த்துப் பார்த்த ஆய்வுகளில் காலி கேலரியில் சாதகம் குறைந்தது, முழுதாக மறையவில்லை. அது நியாயம்தான். பயணம் இருக்கிறது, பழகிய புல்தரை இருக்கிறது, கூட்டம் மட்டும்தான் போனது. கூட்டம் போனால் போவது எது என்றும் ஓரளவு தெரியும்: நடுவர் மேல் விழும் அழுத்தம். 2007இல் கட்டானியாவில் ஒரு போலீஸ்காரர் கலவரத்தில் இறந்த பிறகு, பாதுகாப்பு விதியை நிறைவேற்றாத இத்தாலிய மைதானங்களில் கதவை மூடி ஆட்டம் நடத்தினார்கள். அந்த ஆட்டங்களை ஆராய்ந்தபோது, கூட்டம் இருக்கும்போது வெளியூர் அணிமேல் நடுவர்கள் காட்டிய கூடுதல் கண்டிப்பு, கூட்டம் இல்லாதபோது குறைந்தது தெரிந்தது. 2002இல் வந்த இன்னொரு சோதனையில் நடுவர்களுக்கு ஆட்ட வீடியோவைக் காட்டினார்கள். கூட்டச் சத்தத்தோடு பார்த்தவர்கள், சத்தமில்லாமல் பார்த்தவர்களைவிட உள்ளூர் அணிமேல் சுமார் 15 சதவீதம் குறைவாகவே ஃபவுல் கொடுத்தார்கள்.

ஆகவே நான் மூன்று நிலை வைப்பேன். சொந்த மைதானம், கூட்டத்தோடு: முழுச் சாதகம். சொந்த மைதானம், காலி கேலரி: பாதி. அதாவது மேலே உள்ள 1.12க்குப் பதில் அதன் வர்க்கமூலம் 1.06ஆல் வகுத்துப் பெருக்குவது, நம் உதாரணத்தில் 1.70க்கு 1.17 வரும். பொது மைதானம்: ஒன்றுமில்லை. பாதி என்பது என் தேர்வு, எந்த லீக்கிலிருந்து எடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து மாறும்.

கடைசியாக உங்கள் ஃபைனல்கள். அவற்றை மொத்தமாகப் பொது மைதானம் என்று குறித்திருந்தால் திருத்துங்கள். உங்கள் ஷீட்டுக்கு முந்தைய 2015 ஃபைனலில் சென்னையின், கோவாவை 3-2 என்று வீழ்த்தியது கோவாவின் ஃபட்டோர்டாவில். 2018இல் பெங்களூருவை அதே 3-2 கணக்கில் வென்றது பெங்களூருவின் கண்டீரவாவில், சேத்ரி ஒன்பதாவது நிமிடமே கோல் போட்ட பிறகு. இரண்டும் நமக்கு அசல் வெளியூர் ஆட்டங்கள், 2018 ஃபைனலைப் பொது மைதானம் என்று குறித்திருந்தால் உங்கள் மாடல் நம் அணியின் பலத்தைக் குறைத்து மதிப்பிட்டிருக்கும். 2020 மார்ச் 14 அன்று ஏ.டி.கே.யிடம் 3-1 என்று தோற்றது காலி ஃபட்டோர்டாவில், நம் அணி ஆடிய ஃபைனல்களில் அது மட்டும்தான் சுத்தமான பொது மைதானம். 2022இல் ஹைதராபாத்தும் கேரளாவும் மோதியபோது மைதானம் பொது, கேலரி கேரளாவுடையது. அதற்கு நான் கொஞ்சம் சாதகம் கேரளாவுக்குத்தான் வைப்பேன், கால் பங்கு போல.

2022-23இலிருந்து அணிகள் சொந்த ஊருக்குத் திரும்பிவிட்டன. அந்த சீசனின் 110, அடுத்த சீசனின் 132 லீக் ஆட்டங்களைச் சேர்த்தால் உண்மையான சொந்த மைதான ஆட்டங்கள் 512 ஆகும், பிழையும் 0.075க்கு இறங்கும். அதை ஓட்டிப் பார்த்துவிட்டு வரும் எண்ணை எழுதுங்கள், நானும் பார்க்க ஆவலாக இருக்கிறேன்.