நீலத் தார்ப்பாய்க்குக் கீழே ஒரு முகம்

வணக்கம். காசிமேட்டில் மீன் விற்கும் ஓர் அக்காவைக் காலை வெயிலில் வீடியோ பேட்டி எடுத்தேன். அவர் நீலத் தார்ப்பாய்க்குக் கீழே உட்கார்ந்திருந்ததால் முகம் இருட்டாக, நீலம் பாய்ந்து வந்திருக்கிறது. எடிட்டிங்கில், யூடியூபில் சொன்னபடி வெளிச்ச அளவைக் காட்டும் வேவ்ஃபார்மில் முகத்தை 70க்கு ஏற்றி, நிறத்தைக் காட்டும் வெக்டர்ஸ்கோப்பில் இருந்த புள்ளிக் கொத்தை நடுவுக்கு இழுத்தேன். முகம் வெளிறி ஆரஞ்சாகிவிட்டது. என்ன செய்ய?
– ஒரு வாசகர், தண்டையார்பேட்டை

அன்புள்ள நண்பருக்கு,

அந்த 70 வெள்ளைக்காரத் தோலுக்குச் சொன்ன கணக்கு. நம்மூர் மாநிறத்துக்கு 45, 50 போதும். நல்ல கறுப்பென்றால் 40கூட சரிதான். வேவ்ஃபார்மின் இடவலம் படத்தின் இடவலமேதான். முகம் இருக்கும் இடத்துக்கு நேர் மேலே தேடினால் அதன் தடம் தெரியும். இப்போது 25 பக்கம் கிடக்கும் என்று நினைக்கிறேன். அதை ஏற்ற, வெளிச்சமான பகுதிகளை அதிகம் உயர்த்தும் கெய்னைத் தொடாதீர்கள், நடுத்தர வெளிச்சத்தை உயர்த்தும் காமாவை உயர்த்துங்கள். பின்னால் வானம் 100இல் தட்டையான கோடாகப் படுத்திருந்தால் அது வெந்துபோனது. கீழே இறக்கினால் சாம்பல் நிறம்தான் வரும், மேகம் வராது. விட்டுவிடுங்கள்.

வெளிச்சம் சரியான பிறகே நிறத்துக்கு வாருங்கள். வெக்டர்ஸ்கோப்பில் நடு என்றால் நிறமே இல்லை என்று பொருள். எந்தத் திசையில் விலகுகிறதோ அது நிறம், எவ்வளவு தூரம் விலகுகிறதோ அது அதன் அடர்த்தி. உங்கள் ஃப்ரேமில் பாதி தார்ப்பாய். கொத்து நீலப் பக்கம் சாய்ந்திருப்பது நியாயம்தானே? அதை நடுவுக்கு இழுத்தால் தார்ப்பாய் சாம்பலாகும், அக்கா ஆரஞ்சாவார். ஸ்கோப்புக்குத் தார்ப்பாய் எது, முகம் எது என்று தெரியாது. எதை அளப்பது என்று நாம்தான் காட்ட வேண்டும்.

அவர் பக்கத்தில் ஐஸ் போட்ட தெர்மகோல் பெட்டி கட்டாயம் இருக்கும். அதே நிழலில் இருக்கும் அழுக்கில்லாத பக்கமாகப் பார்த்து, அது மட்டும் தெரியும்படி கிளிப்பைத் தற்காலிகமாக கிராப் செய்யுங்கள். வெயிலில் இருக்கும் பெட்டி உதவாது, அதன் மேல் விழும் வெளிச்சமே வேறு. இப்போது வெக்டர்ஸ்கோப்பில் ஒரு சின்னப் புள்ளிக்கூட்டம் மிஞ்சும். டெம்பரேச்சரைச் சூடான பக்கம் தள்ளி, பச்சையோ மெஜந்தாவோ மிச்சமிருந்தால் டின்டில் சரிசெய்து, அதை நடுவுக்குக் கொண்டுவாருங்கள்.

அப்புறம் கிராப்பைக் கன்னத்துக்கு மாற்றிப் பாருங்கள். சிவப்புக்கும் மஞ்சளுக்கும் இடையே போகும் ஸ்கின் டோன் கோட்டை ஒட்டி அது விழ வேண்டும். கறுப்போ சிவப்போ, எல்லார் தோலும் ஏறக்குறைய அந்தக் கோட்டருகேதான் விழும். வித்தியாசம் வேவ்ஃபார்மின் உயரத்தில்தான். மிகச் சரியாகக் கோட்டிலேயே உட்கார வைக்க மெனக்கெட வேண்டாம். தார்ப்பாய் நீலம் கன்னத்தில் கொஞ்சம் மிச்சமிருந்தால் அந்த இடத்துக்கு அதுதான் உண்மை.

இதைச் செய்ததும் பின்னால் வெயிலில் நிற்கும் படகுகள் மஞ்சளடிக்கும், ஏனென்றால் ஒரே ஃப்ரேமில் இரண்டு வெளிச்சம். அக்காவைச் சுற்றி ஒரு மாஸ்க் போட்டு, நிறத் திருத்தத்தை உள்ளே மட்டும் வையுங்கள். மொபைலில் எடுத்த 8 பிட் ஃபுட்டேஜ் என்றால் சிவப்பை ரொம்பவும் ஏற்ற முடியாது. நிழல் பகுதியில் புள்ளி புள்ளியாக நாய்ஸ் கிளம்பும். அது தெரிய ஆரம்பித்ததும் நிறுத்திக்கொள்ளுங்கள்.