போலீஸ் எடுத்த காணொளியும் ஒப்புதல் வாக்குமூலமும்: சாட்சியச் சட்டக் கேள்வி-பதில்

நாகர்கோவில் பகுதிச் சட்ட மாணவர்கள் அனுப்பிய கேள்விகள் அனைத்தும் ஒரு மாதிரித் தேர்வு வினாவையே சார்ந்தவை. குளச்சலில் வள்ளத்து எஞ்சின் ஒன்று திருடு போகிறது. காவலில் உள்ள ராஜன் ஆய்வாளரிடம், “எஞ்சினை நான்தான் திருடினேன், ரீத்தாபுரம் தோப்பில் ஓலைக் கும்பலுக்கு அடியில் மறைத்திருக்கிறேன், காட்டுகிறேன்” என்கிறான். இது காணொளியாகப் பதிவாகிறது. எஞ்சினும் அங்கேயே கிடைக்கிறது. கைதுக்கு முன் நண்பனுக்கு அவன் அனுப்பிய வாட்ஸ்அப் குரல்செய்தியிலும் திருட்டை ஒப்புக்கொண்டிருக்கிறான்.

கேள்வி: புதிய சாட்சியச் சட்டத்தின் பிரிவு 63(4) கோரும் மின்னணுப் பதிவுச் சான்றிதழுடன் தாக்கலானால் காணொளி முழுவதும் ஏற்கப்படுமா?

பதில்: ஏற்கப்படாது. மாணவர்கள் அதிக மதிப்பெண் இழக்கும் இடம் இதுதான் என்பது என் கருத்து.

எழுவினா: மின்னணு வடிவம், வாக்குமூலத்தின் மீதுள்ள தடையை நீக்குமா?

விதி: புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியம் 2023, பிரிவு 23 காவல்துறை அதிகாரியிடம் அளிக்கும் ஒப்புதலைத் தடுக்கிறது. அதன் வரம்புரை, காவலில் உள்ளவர் தந்த தகவலின் விளைவாக ஒரு பொருண்மை கண்டுபிடிக்கப்பட்டால், அதனோடு தெளிவாகத் தொடர்புடைய பகுதியை மட்டும் அனுமதிக்கிறது. பிரிவு 63 பதிவை மெய்ப்பிக்கும் முறையைச் சொல்கிறதே தவிர, உள்ளடக்கத்தின் மீதுள்ள தடையைத் தொடுவதில்லை.

பொருத்தம்: “நான்தான் திருடினேன்” என்ற பகுதி விலக்கப்படும். தோப்பில் மறைத்ததையும் காட்டுவதாகச் சொன்னதையும் குறிக்கும் பகுதி ஏற்கப்படும். கத்தி கிடைத்த இடத்தைச் சொன்ன வாக்குமூலத்திலிருந்து “அந்தக் கத்தியால்தான் குத்தினேன்” என்பது போன்ற சொற்களைப் பிரித்து ஒதுக்கும் இந்த அணுகுமுறை, 1946 டிசம்பரில் பிரிவி கவுன்சில் தீர்த்த புலுக்குரி கோட்டையா வழக்கிலிருந்து வருகிறது. எஞ்சின் அங்கே இருப்பதைப் போலீஸார் முன்பே அறிந்திருந்தால் கண்டுபிடிப்பே இல்லை; அப்போது அந்தப் பகுதியும் விழுந்துவிடும்.

முடிவு: மறைத்த இடத்தைப் பற்றிய பகுதி மட்டும், சான்றிதழின் துணையோடு.

கேள்வி: குரல்செய்திக்கும் சான்றிதழ் கட்டாயமா?

பதில்: நண்பன் போலீஸ் அதிகாரி அல்ல என்பதால் பிரிவு 23 குறுக்கிடாது, அச்சுறுத்தலோ ஆசைகாட்டலோ இருந்ததா என்பதைப் பிரிவு 22இன் கீழ் ஆராய வேண்டும். சான்றிதழைப் பொறுத்தவரை, உச்ச நீதிமன்றத்தின் 2020இன் அர்ஜுன் பண்டிட்ராவ் தீர்ப்பின்படி நண்பனே சாட்சிக் கூண்டில் ஏறி, தன் உடைமையான அசல் கைபேசியை அளித்து மெய்ப்பித்தால் அது தேவையில்லை. பென்டிரைவில் நகல் தாக்கலானால் தேவை. புதிய சட்டத்தின் சான்றிதழ்ப் படிவத்தில் பகுதி ‘அ’வைச் சாதனத்துக்குப் பொறுப்பானவரும் பகுதி ‘ஆ’வை நிபுணரும் நிரப்புவார்கள், SHA256 போன்ற முறையில் கணித்த, கோப்பை அடையாளம் காட்டும் ஹாஷ் மதிப்பும் அதில் இடம்பெறும். சான்றிதழைத் தர உரியவர் மறுத்தால், நீதிமன்றத்தின் வழியாக அதை வரவழைக்க மனு செய்யலாம் என்பதையும் விடையில் ஒரு வரியாகச் சேருங்கள்.

கேள்வி: சான்றிதழுக்குப் பழைய சட்டத்தின் பிரிவு 65பி என்று எழுதினால் தவறா?

பதில்: 2024 ஜூலை 1க்கு முன்பே விசாரணை நிலுவையில் இருந்த வழக்கென்று வினா சொன்னால் 1872ஆம் ஆண்டு இந்திய சாட்சியச் சட்டமே பொருந்தும், இல்லையேல் புதிய எண்களை எழுதுங்கள்.