ரேஸ் கணக்கில் 22% லாபம், அடகில் மட்டும் நகை

கேள்வி: குடியாத்தத்தில் லுங்கி வியாபாரம் செய்கிறேன். சரக்கு விஷயமாக பெங்களூர் போகும்போது ரேஸ் ஆடுவது பழக்கம். மார்ச்சில் 50,000 ரூபாயில் தொடங்கி ஒவ்வொரு பந்தயத்தையும் எக்செல்லில் எழுதி வருகிறேன். இன்று இருப்பு 61,000, அதாவது 22% லாபம். நடுவில் பணம் குறைந்தபோது இரண்டு முறை மனைவியின் நகையை வைத்துப் போட்டேன். ஷீட்டைப் பார்த்த என் மச்சான், ‘2 லட்சம் தருகிறேன், லாபத்தில் பாதி கொடு’ என்கிறார். யீல்டு, ஆர்.ஓ.ஐ., அதிகபட்ச டிராடவுன் இதெல்லாம் எப்படிப் போடுவது? நகையை எப்போ மீட்பீங்க என்று வீட்டில் கேட்கிறார்கள். தூக்கம் வரவில்லை. ஷீட்டை அனுப்பியிருக்கிறேன்.
– ஒரு வாசகர், குடியாத்தம்

பதில்: உங்கள் ஷீட்டில் 120 பந்தயங்கள் இருக்கின்றன. தோற்றதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறீர்கள். ரேஸ் ஆடுகிறவர்களில் இதைச் செய்கிறவர்கள் குறைவு. கோளாறு பந்தய வரிசைகளில் இல்லை. ஜூலையில் ‘நகை +40,000’ என்றும் செப்டம்பரில் ‘நகை +60,000’ என்றும் இரண்டு வரிசைகள் வருகின்றன, இரண்டுக்கும் ஜெயித்த குதிரைகளுக்கு அடிக்கும் அதே பச்சை நிறம். கடன் உள்ளே வந்ததும் இருப்பு ஏறுகிறது, இருப்பு ஏறியதை லாபம் என்று படிக்கிறீர்கள். தூக்கத்தைக் கெடுப்பது இந்த இரண்டு பச்சை வரிசைகள்தான்.

முதலில் அவற்றைப் பந்தய ஷீட்டிலிருந்து வெளியே எடுங்கள். ‘பணம்’ என்று தனியாக ஒரு ஷீட் திறந்து, தேதி, போட்ட தொகை, திரும்ப எடுத்த தொகை, எங்கிருந்து வந்தது, வட்டி என்று ஐந்து தலைப்பு போடுங்கள். சொந்தப் பணம், நகைக் கடன், கைமாற்று எதுவானாலும் அங்கேதான் போக வேண்டும். பந்தய ஷீட்டில் பந்தயம் மட்டும்.

பந்தய ஷீட்டுக்கு எட்டு தலைப்பு போதும். A தேதி, B குதிரை, C போட்டது, D வந்தது, E லாபம், F இதுவரை கூட்டு, G இதுவரை உச்சம், H உச்சத்திலிருந்து இறக்கம். A முதல் D வரை நீங்கள் கையால் நிரப்புவது. மற்றதை இரண்டாவது வரிசையில் ஒரு முறை எழுதிக் கீழே இழுத்துவிடுங்கள்:

```
E2: =IF(D2="","",D2-C2)
F2: =SUM(E$2:E2)
G2: =MAX(0,F$2:F2)
H2: =G2-F2
```

தோற்றால் D-யில் 0 என்று எழுத வேண்டும். காலியாக விட்டால் முடிவு இன்னும் வரவில்லை என்று அர்த்தம். இதைக் குழப்பினால் தோற்ற பந்தயம் கணக்கிலேயே ஏறாது.

G-யில் அந்த 0 எதற்கு என்று பார்ப்போம். முதல் பந்தயத்தில் 2,000 போட்டுத் தோற்றால் கூட்டு −2,000. அந்த 0 இல்லையென்றால் ‘உச்சம்’ −2,000 ஆகிவிடும், இறக்கம் பூஜ்யம் என்று ஷீட் காட்டும். 0 இருந்தால் இறக்கம் 2,000 என்று சரியாக வரும். இரண்டாவதில் 3,000 போட்டு 9,000 வந்தால் லாபம் 6,000, கூட்டு 4,000, உச்சமும் 4,000, இறக்கம் 0. மூன்றாவதில் 5,000 போனால் கூட்டு −1,000. உச்சம் 4,000-லேயே நிற்கும், இறக்கம் 5,000. H-இல் வரும் பெரிய எண்தான் நீங்கள் கேட்ட அதிகபட்ச டிராடவுன். ஒன்று மட்டும் கவனம்: இந்தக் கணக்கு தேதி வரிசையை நம்பி நிற்கிறது. குதிரை பெயர்ப்படி ஷீட்டை அடுக்கினால் யீல்டு மாறாது, டிராடவுன் பொய்யாகிவிடும்.

மீதி மூன்று எண்களையும் இப்படி எடுங்கள்:

```
யீல்டு:    =SUM(E2:E500)/SUM(C2:C500)
ஆர்.ஓ.ஐ.:  =SUM(E2:E500)/SUM('பணம்'!B2:B50)
டிராடவுன்: =MAX(H2:H500)
```

யீல்டு என்பது பந்தயத்தில் புரண்ட மொத்தப் பணத்துக்கு எவ்வளவு லாபம் என்பது. ஆர்.ஓ.ஐ. என்பது நீங்கள் உள்ளே கொண்டுவந்த பணத்துக்கு எவ்வளவு என்பது. பலர் இரண்டையும் ஒன்றாகவே பேசுவார்கள். யாராவது தன் ஆர்.ஓ.ஐ.யைச் சொன்னால், ‘எதால் வகுத்தீர்கள்?’ என்று கேளுங்கள்.

இப்போது உங்கள் எண்கள். 50,000 + 40,000 + 60,000, உள்ளே போட்டது 1,50,000. கையில் இருப்பது 61,000. நஷ்டம் 89,000. பந்தய வரிசைகளைத் தனியாகக் கூட்டினாலும் அதே −89,000 வருகிறது, ஒரு ரூபாய் பிசகவில்லை. (இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் எங்கோ ஒரு டிக்கெட்டை எழுதாமல் விட்டிருக்கிறீர்கள் என்று பொருள். மாதம் ஒரு முறை இதைச் சரிபார்க்க வேண்டும்.) நீங்கள் போட்ட பந்தயங்களின் மொத்தம் 3,60,000. ஆக யீல்டு சுமார் −24.7%. ஆர்.ஓ.ஐ. −59%. நீங்கள் எழுதிய +22% எங்கே, இது எங்கே!

டிராடவுனைப் பார்த்தால் கதை இன்னும் தெளிவாகிறது. மே மாதம், உங்கள் ஊர் கெங்கையம்மன் சிரசு திருவிழா வாரத்தில், கூட்டு +18,000. இருப்பு 68,000. அதுதான் உச்சம். ஜூலையில் கூட்டு −46,000, கையில் 4,000. அங்கே நகை வந்தது. செப்டம்பரில் −84,000, கையில் 6,000. மறுபடி நகை. அக்டோபரில் −1,02,000 வரை போய், இப்போது −89,000-க்கு ஏறியிருக்கிறீர்கள். உங்கள் இருப்பை வைத்துப் பார்த்தால் இறக்கம் 68,000-லிருந்து 4,000, அதாவது 64,000 மட்டும். பந்தயக் கூட்டை வைத்துப் பார்த்தால் 18,000-லிருந்து −1,02,000, அதாவது 1,20,000. உச்சத்தில் உங்களிடம் இருந்ததே 68,000. இருந்ததைவிட அதிகமாக எப்படி இறங்க முடியும்? கடனில்தான் முடியும். நகை இல்லையென்றால் ஜூலையிலேயே ஆட்டம் முடிந்திருக்கும், நஷ்டமும் 50,000-ஐத் தாண்டியிருக்காது.

அந்த மே உச்சத்தையும் கொஞ்சம் உரசிப் பார்த்தேன். ஒரே ஒரு குதிரையில் 21,000 லாபம். அதை நீக்கினால் +18,000 என்பது −3,000 ஆகிறது. போட்டதுபோல் ஐந்து மடங்கு தரும் குதிரைகளாக 120 பந்தயம் ஆடினால், வெறும் அதிர்ஷ்டத்திலேயே யீல்டு 18% மேலேயோ கீழேயோ போவது சகஜம். மச்சான் பார்த்த 22% நிஜமாகவே இருந்திருந்தாலும் அதைத் திறமை என்று சொல்ல ஆதாரம் போதாது.

மச்சான் விஷயத்துக்கு வருகிறேன். எட்டு மாதத்தில் உங்கள் 1,50,000-ஐ 2.4 முறை சுழற்றியிருக்கிறீர்கள் (3,60,000 ÷ 1,50,000). யீல்டு −24.7%-ஐ 2.4-ஆல் பெருக்கினால் அதே −59%. அவருடைய 2 லட்சத்தை இதே வேகத்தில், இதே யீல்டில் ஆடினால் எட்டு மாதத்தில் சுமார் 1,18,000 போகும். ‘லாபத்தில் பாதி’ என்கிறாரே, நஷ்டத்தில் யார் பாதி? அதை அவர் சொல்லவில்லை. நீங்களும் கேட்டதாகத் தெரியவில்லை. வேண்டாம் என்று வாயால் சொல்வதோடு நிறுத்தாமல் திருத்திய ஷீட்டை அவருக்குக் காட்டுங்கள். பழைய ஷீட்டைப் பார்த்துத்தானே ஆசைப்பட்டார்.

இன்னொன்று, C-யில் டிக்கெட்டில் உள்ள பந்தயத் தொகையை மட்டும் எழுதியிருப்பீர்களோ என்று ஒரு சந்தேகம். ரேஸ் பந்தயத்துக்கு 2023 அக்டோபரில் முழுத் தொகைமேல் 28% ஜிஎஸ்டி வந்தது, 2025 செப்டம்பர் 22 முதல் அது 40%. 1,000 ரூபாய் பந்தயத்துக்கு வரியோடு 1,400 கொடுத்திருந்தால் C-யில் 1,400 என்றே எழுத வேண்டும். அந்த டிக்கெட்டில் 3,000 வந்தால் லாபம் 2,000 அல்ல, 1,600. D-யிலும் அப்படித்தான், பெரிய தொகையில் பிடித்த வருமான வரி போக, கைக்கு வந்ததை எழுதுங்கள். ரேஸில் ஜெயித்த பணத்துக்கு வருமான வரி நேராக 30%, அதன்மேல் செஸ். தோற்ற டிக்கெட்டுகளை அதில் கழிக்க முடியாது. எனவே வருடம் முழுக்க நஷ்டமானாலும் வரி பாக்கி வரலாம். ஷீட்டை உங்கள் ஆடிட்டரிடம் ஒரு முறை காட்டிவிடுங்கள்.

டிப்ஸ் குரூப்பில் சேரலாமா, ரெடிமேட் ஷீட் வாங்கலாமா என்று கடிதத்தின் பின்குறிப்பில் கேட்டிருந்தீர்கள். மேலே உள்ள நாலு வரி சூத்திரத்துக்குக் காசு கொடுக்காதீர்கள். குரூப்காரர் போடும் ஸ்கிரீன்ஷாட்டில் டிராடவுன் இருக்காது, தோற்ற வாரங்களும் இருக்காது. அவர்கள் கைகாட்டும் ஆப் பக்கம் போகவே வேண்டாம். பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களை 2025 ஆகஸ்ட்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டமே தடை செய்கிறது.

கையில் இருக்கும் 61,000 அடுத்த சனிக்கிழமைக்கானது இல்லை, நகைக்கானது. வட்டி நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் என்று தோராயமாக வைத்தால், 40,000-க்கு ஐந்து மாதம் 2,000, 60,000-க்கு மூன்று மாதம் 1,800. கட்ட வேண்டியது மொத்தம் சுமார் 1,03,800. செப்டம்பரில் வைத்த நகையை முதலில் முழுக்க மீட்கப் பாருங்கள், 61,800 ஆகும். கையில் இருப்பதோடு 800 ரூபாய் சேர்த்தால் நாளைக்கே அந்த நகை கைக்கு வந்துவிடும். ஜூலை நகைக்கு மீதி 42,000. கடை வருமானத்தில் மாதம் 7,000 ஒதுக்கினால் ஆறு மாதம், வட்டியோடு கொஞ்சம் இழுத்தால் ஏழு. பெங்களூருக்குச் சரக்கு எடுக்கப் போகும்போது கொள்முதல் பணத்தை முன்னாடியே வங்கியில் மாற்றிவிட்டு, பையில் ஊர் திரும்பும் டிக்கெட்டும் சாப்பாட்டுச் செலவும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது நகை வீட்டுக்கு வரும்வரை பந்தய ஷீட்டில் 121-வது பந்தயம் ஏற வேண்டாம். ‘பணம்’ ஷீட்டை மட்டும் திறந்து, அடகு ரசீது எண்ணையும் மாதம் கட்டிய தொகையையும் எழுதி வாருங்கள். வீட்டில் கேட்கும்போது அந்தப் பக்கத்தைக் காட்டலாம்.