√((x+3)/(x−1)): சார்பகத்தில் −5 எப்படி வந்தது, வீச்சகத்தில் 1 எங்கே போனது?

கேள்வி: f(x) = √((x+3)/(x−1)) சார்பகம் கேட்டிருந்தார்கள். x ≥ −3, x ≠ 1 என்று எழுதினேன். விடையில் (−∞, −3] ∪ (1, ∞) என்று இருக்கிறது. −5 எல்லாம் எப்படி உள்ளே வரும்? மூலத்துக்குள் குறை எண் வரக்கூடாதே? வீச்சகத்தில் 1 மட்டும் ஏன் இல்லை என்பதும் புரியவில்லை.

பதில்:

முதலில் அந்த −5-ஐயே போட்டுப் பார்த்துவிடலாம். x+3 என்பது −2. x−1 என்பது −6. −2-ஐ −6-ஆல் வகுத்தால் 1/3. அதன் வர்க்கமூலம் சுமார் 0.577. எந்தச் சிக்கலும் இல்லை. இப்போது உங்கள் விடையில் இருக்கும் 0-ஐப் போடுங்கள். மேலே 3, கீழே −1, வகுத்தால் −3. இதற்கு மெய்யெண்ணில் வர்க்கமூலம் கிடையாது. ஆக, உங்கள் விடை வரக்கூடாத 0-ஐ உள்ளே விட்டு, வரவேண்டிய −5-ஐ வெளியே நிறுத்தியிருக்கிறது.

நீங்கள் சொல்லும் விதி சரிதான், மூலத்துக்குள் குறை எண் வரக்கூடாது. ஆனால் இங்கே மூலத்துக்குள் இருப்பது x+3 இல்லை, முழுப் பின்னமும் இருக்கிறது. அதனால் நிபந்தனை (x+3)/(x−1) ≥ 0 என்பதுதான். தொகுதி தனியாகக் குறை எண்ணாக இருந்தால் பரவாயில்லை, பகுதியும் குறை எண்ணாக இருந்தால் போதும்.

x ≥ −3 என்ற விடை இரண்டு வழிகளில் வரும். ஒன்று, மூலம் தொகுதிக்கு மட்டும் என்று படித்துவிடுவது. இன்னொன்று, நிபந்தனையைச் சரியாக எழுதிவிட்டு, சமன்பாட்டில் செய்வதுபோல இரு பக்கமும் (x−1)-ஆல் பெருக்கி x+3 ≥ 0 என்று முடித்துவிடுவது. இரண்டாவதுதான் அதிகம் நடக்கிறது. x−1 மிகையா குறையா என்று தெரியாமல் அதால் பெருக்கக்கூடாது. குறை எண்ணாக இருந்தால் ≥ என்பது ≤ என்று திரும்பிவிடும். பெருக்கியே ஆகவேண்டும் என்றால் (x−1)²-ஆல் பெருக்குங்கள். x ≠ 1 என்னும்போது அது எப்போதும் மிகை எண், குறி திரும்பாது. அப்போது (x+3)(x−1) ≥ 0 என்று வரும்.

இதைத் தீர்க்க எண்கோட்டில் −3, 1 இரண்டையும் குறித்தால் மூன்று துண்டுகள் கிடைக்கும். −3-க்கு இடப்பக்கம் இரண்டு காரணிகளும் குறை, பெருக்கினால் மிகை. நடுவில் ஒன்று மிகை, ஒன்று குறை, அது ஆகாது. 1-க்கு வலப்பக்கம் இரண்டும் மிகை. இனி முனைகள். x = −3 என்றால் பின்னம் 0/(−4), அதாவது 0. அதன் மூலம் 0, அதனால் −3 உள்ளே வரும். x = 1 என்றால் பகுதி பூச்சியம், அதனால் வெளியே. (x+3)(x−1) ≥ 0 என்று எழுதியபின் இந்த 1 நைசாக உள்ளே வந்துவிடும், கவனம். பெருக்குவதற்கு முன்பே x ≠ 1 என்று ஓரத்தில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது. விடை (−∞, −3] ∪ (1, ∞).

சரி, வீச்சகத்துக்கு வருவோம். சார்பகம் காண்பது பெரும்பாலும் குறிகளைப் பார்க்கும் வேலை. வீச்சகத்தில் கேள்வியையே திருப்பிப் போடவேண்டும்: ஒரு y-ஐக் கொடுத்தால், அதைத் தரக்கூடிய x ஏதாவது இருக்கிறதா?

y = √((x+3)/(x−1)) என்று வையுங்கள். √ குறி எப்போதும் குறையற்ற மூலத்தையே குறிக்கும். அதனால் எதையும் தொடும் முன்பே y ≥ 0 என்று எழுதிவிடவேண்டும். பிறகு இரு பக்கமும் வர்க்கப்படுத்தலாம்.

y²(x−1) = x+3
x(y²−1) = y²+3
x = (y²+3)/(y²−1)

கடைசி வரிக்குப் போக y²−1 பூச்சியமாக இருக்கக்கூடாது. y ≥ 0 என்று ஏற்கெனவே சொல்லிவிட்டதால் y = −1 பற்றிய பேச்சே இல்லை, y = 1 மட்டும் போகிறது. மற்ற எந்த y ≥ 0-ஐப் போட்டாலும் ஒரு x கிடைக்கும். அந்த x சார்பகத்துக்குள்தான் இருக்குமா? இருக்கும். அந்த x-க்கு (x+3)/(x−1)-இன் மதிப்பு y², அது குறை எண் ஆகவே முடியாது. ஆக வீச்சகம் [0, 1) ∪ (1, ∞).

1 ஏன் விடுபடுகிறது என்பதை இன்னும் நேராகப் பார்க்கலாம். தொகுதியை (x−1)+4 என்று எழுதுங்கள். பின்னம் 1 + 4/(x−1) ஆகிவிடும். 4/(x−1) எந்த x-க்கும் பூச்சியம் ஆகாது, அதனால் பின்னம் 1 ஆகாது, அதன் மூலமும் 1 ஆகாது. x−1-உடன் 4-ஐக் கூட்டியும் அது மாறாமல் இருக்குமா என்று கேட்பதுபோலத்தான் இது.

இந்த வடிவம் இன்னொன்றையும் காட்டுகிறது: வீச்சகத்தின் எந்தத் துண்டு சார்பகத்தின் எந்தத் துண்டிலிருந்து வருகிறது என்பது. x > 1 என்றால் 4/(x−1) மிகை, எனவே மதிப்பு 1-க்கு மேல். x = 2-இல் √5, அதாவது 2.236. x = 5-இல் √2, 1.414. x = 13-இல் 1.155. x பெருகப் பெருக 1-ஐ நோக்கி இறங்கும், ஆனால் தொடாது. 1-ஐ வலப்பக்கமிருந்து நெருங்கினால் எகிறும், x = 1.01-இல் சுமார் 20. இடத் துண்டில், x = −3-இல் 0, x = −5-இல் 0.577, x = −11-இல் 0.816. இடப்பக்கம் போகப் போக 1-ஐ நோக்கிக் கீழிருந்து ஏறும், அதுவும் தொடாது. நீங்கள் விட்டுவிட்ட இடத் துண்டுதான் [0, 1) முழுவதையும் தருகிறது. சார்பகத்தில் அது போனால் வீச்சகத்தில் பாதி காணாமல் போகும்.

√a/√b = √(a/b) என்று பழகியவர்கள் விழும் குழியும் இதேதான். √(x+3)/√(x−1) என்று தனித்தனி மூலமாக எழுதினால் அது வேறு சார்பு. அங்கே x+3 ≥ 0, x−1 > 0 இரண்டும் தனித்தனியாகத் தேவை, ஆகவே சார்பகம் (1, ∞) மட்டும், வீச்சகமும் (1, ∞) மட்டும். அந்தச் சூத்திரம் a ≥ 0, b > 0 என்றால்தான் பொருந்தும். சார்பகம் கண்டுபிடிப்பதற்கு முன்பே அதைப் பயன்படுத்திச் சுருக்கினால் கேள்வியே மாறிவிடும்.

நீங்கள் எழுதிய x ≥ −3, x ≠ 1-ம் ஒரு சார்புக்குச் சரியான விடைதான். அது g(x) = √(x+3)/(x−1), மூலம் தொகுதிக்கு மட்டும். இதன் வீச்சகத்தையும் பார்த்துவிடலாம், ஏனென்றால் இங்கே வேறு உத்தி தேவைப்படுகிறது. வர்க்கப்படுத்தினால் y²(x−1)² = x+3 என்று வரும், y-இன் குறியும் தொலைந்துவிடும். அதற்குப் பதிலாக t = √(x+3) என்று வையுங்கள், t ≥ 0. அப்போது x = t²−3, பகுதி t²−4.

y = t/(t²−4), அதாவது yt² − t − 4y = 0

y = 0 என்றால் t = 0, அதாவது x = −3. y ≠ 0 என்றால் இது t-இல் இருபடிச் சமன்பாடு. மூலங்களின் பெருக்கற்பலன் −4y/y = −4. பெருக்கற்பலன் குறை எண் என்றால் இரண்டும் மெய்யெண்கள், ஒன்று மிகை, ஒன்று குறை. மிகையானது நமக்கு வேண்டிய t. அது 2 ஆகிவிடுமோ என்ற சந்தேகம் வரலாம். t = 2 போட்டால் இடப்பக்கம் −2 தான் வருகிறது, அதனால் ஆகாது. எந்த y-க்கும் ஒரு t உண்டு, வீச்சகம் எல்லா மெய்யெண்களும்.

இந்த t ≥ 0-ஐ மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு, பகுதியை மட்டும் மாற்றி √(x+3)/(x+4) எடுங்கள். இப்போது y = t/(t²+1), அதாவது yt² − t + y = 0. தன்மைகாட்டி 1 − 4y² ≥ 0 என்றதும் −1/2 முதல் 1/2 வரை என்று எழுதி முடிக்கத் தோன்றும். ஆனால் t ≥ 0, பகுதியோ எப்போதும் மிகை, y எப்படிக் குறை எண் ஆகும்? தன்மைகாட்டி t மெய்யெண்ணா என்று மட்டுமே பார்க்கிறது, குறை எண்ணா என்று பார்ப்பதில்லை. சரியான வீச்சகம் [0, 1/2]. உச்சமான 1/2 கிடைப்பது t = 1-இல், அதாவது x = −2-இல்.

வரைந்து சரிபார்க்க விரும்பினால் டெஸ்மாஸ், ஜியோஜீப்ரா எதிலும் இந்த மூன்றையும் ஒன்றன்கீழ் ஒன்றாக நகலெடுத்து ஒட்டுங்கள்:

```
sqrt((x+3)/(x-1))
sqrt(x+3)/sqrt(x-1)
sqrt(x+3)/(x-1)
```

முதல் வரைபடத்தில் −3-க்கு இடப்பக்கம் ஒரு கிளை தெரியவேண்டும். இரண்டாவதில் 1-க்கு வலப்பக்கம் மட்டுமே கோடு இருக்கும், அது முதலாவதன் வலக் கிளைமேல் அப்படியே படிந்திருக்கும். மூன்றாவது −3-க்கும் 1-க்கும் நடுவே x-அச்சுக்குக் கீழே இறங்கும். முதல் வரியில் அடைப்புக்குறி ஒன்று இடம் மாறினாலும் அது வேறு சார்பாகிவிடும், அதனால் வரைபடம் ஒத்துவராவிட்டால் கணக்கைச் சந்தேகப்படும் முன் அடைப்புக்குறிகளை எண்ணிப் பாருங்கள்.