ஆசிரியர் கேட்டதற்கும் பிள்ளை சொன்னதற்கும் நடுவே

கேள்வி: எம்.எட். ஆய்வுக்காக நாகர்கோவில் பக்கத்துப் பள்ளி ஒன்றில் ஏழாம் வகுப்புப் பாடத்தை 40 நிமிடம் ஒலிப்பதிவு செய்திருக்கிறேன். யார் என்ன சொன்னார்கள் என்று எழுதினால் போதும் என்கிறார் வழிகாட்டி. நடுவே வரும் மௌனத்தை எல்லாம் அளந்து எழுத வேண்டுமா?

ஆசிரியர் எத்தனை கேள்வி கேட்டார் என்பதுதான் உங்கள் ஆய்வு என்றால் வேண்டாம், வழிகாட்டி சொல்வது சரி. ஒரு கேள்விக்கு வகுப்பு எப்படிப் பதிலை எட்டியது என்பது ஆய்வு என்றால், மௌனத்தை விட்டுவிட்டு எழுதிய பிரதி பொய் சொல்லும். எப்படி என்று காட்ட ஒரு துண்டு தருகிறேன். விளக்கத்துக்காக நானே அமைத்தது, எந்தப் பள்ளியின் பதிவும் இல்லை.

01 டீச்சர்: ஜூன் மாசம் நமக்குப் பெய்யுத மழ எந்தப் பருவமழ மக்களே?
02 (1.4)
03 டீச்சர்: நீ சொல்லு ((இரண்டாம் பெஞ்சைக் காட்டி))
04 (0.8)
05 மாணவர் 1: வட[கெழக்கு
06 மாணவர் 2: [தென்மேக்கு டீச்சர்
07 (0.7)
08 டீச்சர்: வடகெழக்கா?
09 (0.3)
10 மாணவர் 1: தென்மேக்கு
11 டீச்சர்: ஆ:: தென்மேக்கு. அப்ப அக்டோபர்ல வாறது வட::
12 (.)
13 பிள்ளைகள்: கெழக்கு::

அடைப்புக்குள் இருக்கும் எண் நொடிக் கணக்கு. (.) என்றால் 0.2 நொடிக்கும் குறைவான சிறு நிறுத்தம். [ என்பது இரண்டு பேச்சு ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடம். முக்காற்புள்ளி ஒலி நீள்வதைக் குறிக்கும். தமிழில் நெடில் ஏற்கெனவே நீளம்தானே, அதனால் வழக்கமான நெடிலுக்கும் மேல் இழுத்தால் மட்டும் போடுங்கள். உரையாடல் பகுப்பாய்வு என்ற துறைக்காகக் கெய்ல் ஜெஃபர்சன் வகுத்த குறியீட்டு முறை இது.

வழக்கமான பிரதியில் இந்தத் துண்டு நாலு வரியாகிவிடும்: டீச்சர் கேட்டார், பையன் வடகிழக்கு என்றான், டீச்சர் 'வடகிழக்கா?' என்றார், பையன் தென்மேற்கு என்று திருத்திக்கொண்டான். அதை வைத்து 'மாணவர் தானே சிந்தித்துத் திருத்தினார்' என்று ஒரு பத்தி எழுதிவிடலாம். ஆனால் 06-ஐப் பாருங்கள். சரியான விடை அவன் பேசி முடிக்கும் முன்பே பக்கத்திலிருந்து வந்துவிட்டது. 10-இல் அவன் சொல்வது சிந்தித்ததா, காதில் விழுந்ததா என்று இந்தப் பதிவை வைத்துச் சொல்ல முடியாது. 06-ஐத் தனி வரியாக, அது தொடங்கிய இடத்தோடு எழுதியதால்தான் இது கண்ணில் படுகிறது.

அடுத்தது 08. வீட்டில் 'நாளைக்கா வாறே?' என்று யாராவது திருப்பிக் கேட்டால் 'ஆமா' என்போம். இங்கே பையன் ஆமா சொல்லவில்லை, விடையை மாற்றினான். திருப்பிக் கேட்டதைத் 'தப்பு' என்ற செய்தியாகவே எடுத்துக்கொண்டான் என்பதற்கு அவனுடைய 10-ஆம் வரியே சான்று. ஒரு பேச்சு என்னவாக எடுத்துக்கொள்ளப்பட்டது என்பதை அதற்கு அடுத்து வரும் பேச்சில் தேடு என்பது இந்தத் துறையின் அடிப்படை. ஆசிரியரின் மனதில் என்ன இருந்தது என்று நாம் ஊகிக்கத் தேவையில்லை. 07-இன் 0.7 நொடியும் சேர்த்தி. விடை சரியென்றால் 'ஆ' சட்டென்று வந்திருக்கும், 11-இல் வந்த மாதிரி.

02-உம் 04-உம் ஒரே மாதிரி மௌனம் அல்ல. 02 மொத்த வகுப்புக்கும் உரியது. 04 அந்த ஒரு பையனுடையது, ஏனென்றால் 03-இல் முறை அவனுக்குக் கொடுக்கப்பட்டுவிட்டது. சாக்ஸ், ஷெக்லோஃப், ஜெஃபர்சன் மூவரும் 1974-இல் எழுதிய கட்டுரையில் இதைப் பிரித்துக் காட்டினார்கள்: ஒருவர் பேச்சுக்குள் வருவது நிறுத்தம், ஒருவர் முடித்து அடுத்தவர் தொடங்கும் முன் வருவது இடைவெளி. யாரும் தொடங்காமல் முன்பு பேசியவரே தொடர்ந்தால், இடைவெளியாகத் தொடங்கியது நிறுத்தமாக மாறிவிடும். ஆகவே 02-ஐ டீச்சரின் வரியோடு ஒட்டிவிடாமல் தனி வரியாக விடுங்கள். ஒட்டினால் நீங்களே ஒரு முடிவு எடுத்துவிட்டீர்கள் என்று அர்த்தம்.

11-இல் வரும் 'வட::' நம் வகுப்பறைகளில் எங்கும் கேட்பது. பாதியில் நிறுத்தி இழுத்தால் பிள்ளைகள் சேர்ந்து முடிப்பார்கள். 'எல்லோரும் புரிந்துகொண்டனர்' என்று இதற்கு எழுதாதீர்கள். மெதுவாக ஓட்டிக் கேட்டால் ஒன்றிரண்டு குரல் முன்னால் போவதும் மற்றவை பின்னால் ஏறுவதும் பிடிபடும். முன்னால் வரும் குரலைத் தனி வரியாக எழுதுங்கள்.

அளப்பதற்கு Praat மென்பொருள் போதும், இலவசம். ஒலிக்கோப்பைத் திறந்து `To TextGrid...` கொடுத்து, இரண்டையும் சேர்த்துத் தேர்ந்து `View & Edit` போனால் அலைவடிவம் வரும். மௌனத்தைச் சுட்டியால் தேர்ந்தால் அதன் நீளம் கீழே தெரியும். பத்தில் ஒரு நொடிக்குச் சுருக்கி எழுதினால் போதும், மூன்று தசமம் வேண்டாம். தமிழுக்கே உரிய ஒரு பொறி உண்டு: 'பத்து' என்னும்போது நாக்கு பல்லில் ஒட்டி மூச்சை அடைக்கும் அந்தக் கணம் அலைவடிவத்தில் வெறுமையாகத்தான் தெரியும். அது 'த்த்' என்ற ஒலி, நிறுத்தம் அல்ல. க, ட, த, ப-வில் சொல் தொடங்கினாலும் முன்னுள்ள மௌனம் கொஞ்சம் நீண்டு தெரியும். கண்ணால் அளந்ததைக் காதால் ஒருமுறை சரிபாருங்கள்.

இன்னொரு தொல்லை, [ குறி. எழுத்துருவில் ஒவ்வோர் எழுத்தும் ஒவ்வோர் அகலம் என்பதால் மேல்வரியும் கீழ்வரியும் நேராக நிற்காது. 'கெ' மாதிரி எழுத்தின் நடுவே குறியைச் செருகவும் முடியாது. முழு எழுத்துக்கு முன்னால் போடுங்கள், மேலும் கீழும் ஒரே அடையாளம் இருந்தால் போதும்.

பதிவு எடுத்தாகிவிட்டது என்கிறீர்கள். ரெக்கார்டரில் குரல் வந்தால் மட்டும் பதியும் வசதி ஓடியிருந்ததா என்று முதலில் பாருங்கள். ஓடியிருந்தால் மௌனங்கள் பதிவிலேயே விழுங்கப்பட்டிருக்கும், அதை அளப்பது வீண். போன் ஆசிரியர் மேசையில் மட்டும் இருந்தால் பின்பெஞ்சு கேட்காது, அங்கே மௌனம் என்று எழுதியது மெல்லிய பதிலாக இருக்கலாம். கேட்காத இடத்தை ( ) என்று வெறும் அடைப்பாக விடுங்கள், ஊகித்து நிரப்பாதீர்கள். ஜூனிலும் அக்டோபரிலும் தகரக் கூரையில் மழை விழுந்தால் பதிவே போச்சு, அது நம் மாவட்டத்து விதி. ஒலி மட்டும் இருந்தால் 02-இல் கை தூக்கினார்களா என்பதும் தெரியாது, 'தயங்கினர்' என்று எழுதிவிட வேண்டாம். 40 நிமிடத்தையும் இப்படி எழுத உட்காராதீர்கள். ஒரு நிமிடப் பேச்சுக்கு ஒரு மணி நேரம் சாதாரணமாகப் பிடிக்கும். முழுதையும் மேலோட்டமாக எழுதி, இரண்டு மூன்று நிமிடத் துண்டுகளை மட்டும் நுணுக்கமாக எழுதுங்கள்.

'வகுப்புப் பேச்சை மூணு நொடிக்கு ஒருதடவை பத்து வகையில் ஒன்றாகக் குறிக்கும் ஃபிளாண்டர்ஸ் முறை இருக்கும்போது இதெல்லாம் எதற்கு' என்று கேட்கப் போகிறவர்களுக்கு: அந்தப் பத்து வகையில் மௌனமும் குழப்பமும் ஒரே பெட்டி, பத்தாவது. மேலே உள்ள 1.4 நொடியும் 0.8 நொடியும் அந்தச் சல்லடையில் நிற்கவே நிற்காது. பி.எட். படித்தவர்களுக்கு வேறு முறையே தெரியாத மாதிரி சொல்லிக்கொடுத்திருக்கிறோம், குறை அவர்கள்மேல் இல்லை. விகிதக் கணக்கு கேட்கும் தேர்வாளருக்கு அதையும் ஒரு அட்டவணையாகக் கொடுங்கள், நஷ்டம் ஒன்றும் இல்லை.

தட்டச்சுக்கு வெளியே கொடுப்பதாக இருந்தால் மட்டும் எச்சரிக்கை. 'பெய்யுத மழ' கொடுத்தால் 'பெய்கின்ற மழை' என்று திருத்தித் திரும்பி வரும், 'வாறது' வருவதாகிவிடும், கேட்டால் தமிழை ஒழுங்குபடுத்தினோம் என்பார்கள். நம்ம ஊர்ப் பேச்சு என்ன பிழையா? ஒவ்வொரு வரியையும் ஒலியோடு வைத்துப் பாருங்கள்.