மூன்று மணி நேரப் பேட்டியில் நேரக் குறிப்பு நழுவுவது

கேள்வி: மூன்று மணி நேரப் பேட்டி ஒன்று எம்பி3 ஆக இருக்கிறது. ஒரு நேரத்துக்குத் தாவினால் வேறு இடத்துப் பேச்சு கேட்கிறது. மொத்த நேரம் மட்டும் சரியாகக் காட்டுகிறது. விபிஆர்தான் காரணமா? சிபிஆர் ஆக மாற்றினால் போதுமா?

ஆமாம், மாற்றினால் போதும். சிபிஆர் என்றால் பிட்ரேட், அதாவது ஒரு விநாடி ஒலிக்குச் செலவாகும் டேட்டா, கோப்பு முழுவதும் ஒரே அளவு. விபிஆரில் அது இடத்துக்கு இடம் மாறும். ஆனால் காரணம் தெரியாமல் மாற்றாதீர்கள். நானும் பேட்டிகளைக் கேட்டு எழுத்தாக்கும் வேலை செய்கிறவள். இதே விஷயத்தில் என் நேரக் குறிப்புகள் எல்லாமே தப்பு என்று கேட்டவள்.

நான் எழுதிக் கொடுத்தது ஒரு பெரியவரின் வாழ்க்கைப் பேட்டி. உங்களுடையதைப் போலவே சரியாக மூன்று மணி நேரம். 1:48:12-ல் அவர் நாற்காலியைப் பின்னால் இழுக்கும் சத்தம் வரும், அதற்கு அடுத்த வாக்கியம் முக்கியமானது என்பதால் நேரத்தோடு குறித்திருந்தேன். சரிபார்த்தவர் அதே கோப்பை ப்ளேயரில் திறந்து 1:48:12-க்குத் தாவியிருக்கிறார், அங்கே வேறு ஏதோ பேச்சு. நாற்காலிச் சத்தம் அவருக்கு 1:48:47-ல்தான் கேட்டது. இன்னொரு இடத்தில் பத்து விநாடி தள்ளி, வேறொரு இடத்தில் துல்லியமாகச் சரி. அதனால் நான் கவனமில்லாமல் எழுதியிருக்கிறேன் என்று முடிவு கட்டிவிட்டார்கள். இரண்டு ராத்திரி உட்கார்ந்து எல்லாக் குறிப்புகளையும் திரும்பப் பார்த்தேன், என் பக்கம் எல்லாம் சரியாகவே இருந்தது. அப்புறம் அவருடைய ப்ளேயரிலேயே எதையும் தொடாமல் முதலிலிருந்து ஓடவிட்டோம். நாற்காலிச் சத்தம் 1:48:12-ல் வந்தது. தாவினால் தப்பு, தாவாமல் கேட்டால் சரி. விஷயம் அங்கேதான் பிடிபட்டது.

எம்பி3 கோப்பு என்பது ஃபிரேம் எனப்படும் சின்னச் சின்னத் துண்டுகளின் வரிசை. 44.1 கிலோஹெர்ட்ஸ் பதிவில் ஒரு ஃபிரேம் சுமார் 26 மில்லி விநாடி ஓடும். சிபிஆரில் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஏறக்குறைய ஒரே அளவு பைட். 64 கேபிபிஎஸ் என்றால் விநாடிக்கு 8,000 பைட், ஆகவே 6,492-வது விநாடிக்குப் போக (அதுதான் 1:48:12) ப்ளேயர் ஒரே ஒரு பெருக்கல் போட்டால் போதும். போய் விழும் இடம் தப்பினாலும் ஓரிரு ஃபிரேம்தான் தப்பும், காதுக்குத் தெரியாது.

விபிஆரில் அந்தப் பெருக்கல் செல்லாது. பேச்சு அடர்த்தியாக இருக்கும் இடத்தில் ஒலியை எம்பி3 ஆக்கும் என்கோடர் அதிகப் பைட் செலவழிக்கும், மௌனத்தில் 32 கேபிபிஎஸ் வரை இறங்கிவிடும். அந்தப் பெரியவர் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுமுன் நீண்ட நேரம் யோசிப்பவர், அவர் யோசித்த இடமெல்லாம் கோப்பில் ஒல்லியாக இருக்கும். அதனால் கோப்பின் பாதியும் நேரத்தின் பாதியும் ஒரே இடத்தில் இருக்காது. இதற்காகத்தான் முதல் ஃபிரேமில் `Xing` ஹெட்டர் வைக்கிறார்கள். அதில் மொத்த ஃபிரேம்களின் எண்ணிக்கை இருக்கும், கூடவே தாவுவதற்கான ஓர் அட்டவணையும் இருக்கும். எண்ணிக்கை துல்லியமானது, உங்களுக்கு மொத்த நேரம் சரியாகக் காட்டுவது அதனால்தான். பிரச்சினை அட்டவணையில் இருக்கிறது.

அந்த அட்டவணை மொத்தமே 100 பைட். நேரத்தின் ஒவ்வொரு சதவீதத்துக்கும் ஒரு பைட், அந்தப் பைட் சொல்வது “கோப்பை 256 பாகமாகப் பிரித்தால் நீ போக வேண்டியது இத்தனையாவது பாகம்” என்பதை மட்டும். நான்கு நிமிடப் பாட்டுக்கு ஒரு பாகம் ஒரு விநாடிக்கும் குறைவு, யாருக்கும் குறை தெரியாது. மூன்று மணி நேரத்துக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். சராசரி 64 கேபிபிஎஸ் என்றால் கோப்பு 8.64 கோடி பைட், அதில் 256-ல் ஒரு பாகம் 3,37,500 பைட். சராசரி வேகத்தில் அது 42 விநாடி. மௌனம் நிறைந்த பகுதியில் விநாடிக்கு 4,000 பைட்தான் என்பதால் அதே பாகம் 84 விநாடி வரை நீளும். இலக்கு ஒரு பாகத்தின் நடுவில் இருந்தாலும் அட்டவணையால் பாகத்தின் ஓரத்தைத்தான் காட்ட முடியும். என் 35 விநாடி வந்தது இப்படித்தான். ப்ளேயர் 35 விநாடி முன்னாலேயே போய் விழுந்துவிட்டு, கேட்ட இடத்துக்கு வந்துவிட்டதாக நம்பி 1:48:12 என்று காட்டியது. அங்கிருந்து அது எண்ணுகிற ஒவ்வொரு விநாடியும் அதே 35 தள்ளித்தான் இருக்கும், மறுபடி தாவும்வரை.

எனக்கு ஏன் சரியாக வந்தது என்றால், நான் வேலை செய்தது ஒலி எடிட்டரில். அது திறக்கும்போதே கோப்பு முழுவதையும் விரித்துப் படித்துக்கொள்ளும், ஊகமே கிடையாது.

உங்களுடையதும் இதே நோய்தானா என்று பார்க்க, ஐந்தாறு இடங்களுக்குத் தாவி எத்தனை விநாடி தப்புகிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். இடத்துக்கு இடம் கூடியும் குறைந்தும் வந்தால் அட்டவணைதான். மொத்த நேரமே தப்பாக இருந்து, போகப் போகத் தப்பு பெருகினால் பெரும்பாலும் ஹெட்டரே இல்லை, ப்ளேயர் தொடக்க ஃபிரேம்களின் பிட்ரேட்டை வைத்து ஊகிக்கிறது. அதற்கு `-c:a copy` போட்டு `ffmpeg` என்ற ஒலி மாற்றும் மென்பொருள் வழியாக மறுபடி எழுதினாலே ஹெட்டர் வந்துவிடும். உங்கள் விஷயத்தில் மொத்த நேரம் சரி என்பதால் அது உதவாது, அதே 100 பைட் அட்டவணைதான் திரும்ப வரும்.

நான் செய்தது இது. அசல் வேவ் கோப்பு கையில் இருந்தால் அதிலிருந்தே செய்யுங்கள்:

```
ffmpeg -i original.wav -ac 1 -c:a libmp3lame -b:a 64k -write_xing 0 pechu.mp3
```

அசல் இல்லையென்றால் அந்த விபிஆர் எம்பி3-யையே உள்ளே கொடுக்கலாம். முதலிலிருந்து நேராகப் படிக்கும்போது நேரம் தப்பாது, ஒலி கொஞ்சம் தேயும், ஒற்றைச் சேனல் பேச்சுக்கு 64 தாங்கும். கடைசியில் `-write_xing 0` எதற்கென்றால், சிபிஆர் கோப்பிலும் அதே அட்டவணை எழுதப்படும், சில ப்ளேயர்கள் பெருக்கலை விட்டுவிட்டு அதைப் பார்த்துத் தாவும். அட்டவணையே இல்லாவிட்டால் பெருக்கித்தான் ஆக வேண்டும்.

விபிஆரை நான் குறை சொல்லவில்லை, பாட்டு கேட்பவர்கள் கோபப்பட வேண்டாம். எம்4ஏ கோப்பில் ஒவ்வொரு துண்டின் அளவும் தனித்தனியாகப் பதிவாகியிருக்கும், அதில் விபிஆர் இருந்தாலும் தாவல் சரியாகவே விழும். கேட்பவர்கள் எல்லாரிடமும் எம்4ஏ ஓடும் என்றால் அதையே கொடுங்கள். எனக்கு எம்பி3-தான் வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள்.

கேட்டதற்குச் சம்பந்தமில்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். எழுத்தாக்குபவர்களுக்கு ஒலியின் நிமிடக் கணக்கில்தான் கூலி. கோப்பில் இருக்கும் கோளாறைக் கண்டுபிடிக்கச் செலவான இரண்டு ராத்திரிக்கு அதில் இடமில்லை, தப்பு என்னுடையது இல்லை என்று தெரிந்த பிறகும் யாரும் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. இப்போது வேலையை வாங்கும்போதே அசல் வேவ் கோப்பைக் கேட்கிறேன். சிபிஆர் பிரதியை நானே தயாரித்து, நேரக் குறிப்புகள் இந்தக் கோப்புக்கு மட்டுமே பொருந்தும் என்று முதல் பக்கத்தில் எழுதி, இரண்டையும் சேர்த்தே அனுப்புகிறேன்.