டீசருக்கு எந்த வரி? வாக்கியத்தின் வாலைப் பாருங்கள்

கேள்வி: ஒன்றரை மணி நேரப் பேட்டி ஒன்று எடுத்திருக்கிறேன். டீசருக்கு ஒரு வரி எடுக்க வேண்டும். சூடான வரியாகப் பார்த்து எடுத்தால், "நான் அப்படிச் சொல்லவே இல்லையே" என்று பேசியவர் வருத்தப்படுவாரோ என்று பயமாக இருக்கிறது. எப்படித் தேர்ந்தெடுப்பது?

பதில்: தமிழ்ப் பேட்டிகளில் இந்தத் தவறு பெரும்பாலும் வாக்கியத்தின் கடைசியில்தான் நடக்கிறது. நாம் கருத்தை முதலில் சொல்லிவிடுவோம். அது யார் கருத்து, இப்போதும் அதை நம்புகிறோமா என்பதெல்லாம் பின்னால்தான் வரும்: "…ன்னு சொல்வாங்க", "…ன்னு நினைச்சேன்". அந்த வாலை நறுக்கினால், ஊரார் சொன்னது பேசியவரின் தலையில் விழுந்துவிடும்.

ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் பேசுகிறார் என்று வையுங்கள். "படிக்காத பிள்ளையை அடிச்சாத்தான் வழிக்கு வரும்னு நானும் ரொம்ப நாள் நம்பினேன். அது தப்புன்னு ஒரு பையன்தான் எனக்குப் புரிய வச்சான்." இதில் "வரும்" என்ற இடத்தில் வெட்டினால் நல்ல சூடான டீசர்தான், ஆனால் அவர் சொன்னதற்கு நேர் எதிரானது. பின்னணி இசையைப் போட்டு வெட்டை மறைத்தாலும், எழுத்தில் மூன்று புள்ளி வைத்தாலும் அது நேராகிவிடாது. பேட்டியைப் பார்க்காமல் டீசரோடு நகர்ந்துவிடுபவர்களுக்கு அதுதான் அவர் கருத்து.

இரண்டு வாக்கியங்களையும் சேர்த்தே எடுங்கள். பத்து விநாடிக்குள் முடிந்துவிடும். "யார் அந்தப் பையன், என்ன செய்தான்?" என்ற ஆவலும் அதில் தானாக வருகிறது. மனம் மாறிய இடம், தயங்கி ஒப்புக்கொண்ட இடம், இவையே என் கணக்கில் நல்ல டீசர் வரிகள்.

வெட்டு சரியா என்பதைக் காதே சொல்லும். பேச்சை முடிக்கும்போது பொதுவாகக் குரல் இறங்கும். கடைசிச் சொல்லில் குரல் தூக்கி நின்றால், அடுத்து ஏதோ பாக்கி இருக்கிறது. அப்புறம், எடுத்த வரிக்கு முன்னும் பின்னும் இரண்டு நிமிடம் கேளுங்கள். நீங்கள் கேள்வியில் போட்ட சொல்லையே அவர் திருப்பிச் சொல்லியிருக்கலாம். ஒரு நிமிடம் கழித்து "அதுக்காக எல்லாரும் அப்படின்னு சொல்லலை" என்று திருத்தியிருக்கலாம். வெவ்வேறு இடத்தில் பேசிய இரண்டு வரிகளை ஒட்டவே ஒட்டாதீர்கள்.

கடைசியாக, பேட்டியைப் பார்க்காத ஒருவரிடம் டீசரை மட்டும் காட்டி, "இவர் என்ன சொல்ல வருகிறார்?" என்று கேளுங்கள். அவர் சொல்லும் பதிலை முழுப் பேட்டியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பொருந்தாவிட்டால் வேறு வரி.

தம்ப்நெயிலில் ஆறேழு சொல்லுக்குமேல் இடம் இருக்காது. வரி அதில் அடங்கவில்லை என்றால் அதைச் சுருக்கி மேற்கோள் குறிக்குள் போடாதீர்கள். "அடிப்பதை இந்த ஆசிரியர் கைவிட்டது ஏன்?" என்று உங்கள் கேள்வியாகவே, மேற்கோள் குறி இல்லாமல் எழுதிவிடுங்கள்.